தொழில் கடன் ஒப்பந்தத்தில் தேடி வாசிக்க வேண்டிய நான்கு பிரிவுகள்

சிறுதொழில் கடன் ஒப்பந்தம் என்பது ஒரே தாள் கட்டு அல்ல. வங்கி முதலில் தருவது சாங்ஷன் லெட்டர் எனப்படும் அனுமதிக் கடிதம். அதோடு முக்கிய விவரத் தாள் ஒன்று வரும். பிறகு அச்சடித்த கடன் ஒப்பந்தமும், அதன் கடைசியில் ஷெட்யூல் என்ற அட்டவணையும், இயந்திரத்தை ஈடு காட்டும் பத்திரமும், ஜாமீன்தாரர் கையெழுத்திடும் உத்தரவாதப் பத்திரமும் சேரும். கடன் தொகை, வட்டி, தவணை போன்ற எண்கள் அட்டவணையில் இருக்கும். அந்த எண்களை எப்போது, யார் மாற்றலாம் என்ற அதிகாரம் ஒப்பந்தத்தின் நடுப்பக்கங்களில் இருக்கும். கடன் வாங்குவோர் பலர் அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறார்கள். பின்னாளில் வரும் சிக்கல்களோ பெரும்பாலும் நடுப்பக்கங்களிலிருந்து கிளம்புபவை.

அந்தப் பக்கங்களில் நான்கு பிரிவுகளை முதலில் தேட வேண்டும். வட்டி எப்போது மாறும், கடனை முன்கூட்டியே அடைத்தால் என்ன கட்டணம், எதெல்லாம் மீறலாகக் கருதப்படும், மீறினால் மொத்தக் கடனையும் எப்போது திருப்பிக் கேட்கலாம் என்பவை அவை. இவற்றைத் தனித்தனியாக வாசித்தால் பாதிதான் விளங்கும். வட்டி மாறினால் தவணை கூடுகிறது. கூடிய தவணையைக் கட்ட முடியாமல் போனால் மீறல் ஆகிறது. மீறல் மொத்தக் கடனையும் உடனே கேட்கும் உரிமையைக் கடன் கொடுத்தவருக்குத் தருகிறது. இந்த வரிசையில் சிக்காமல் வெளியேற இருக்கும் ஒரே வழி முன்கூட்டியே அடைப்பது. அந்த வழிக்கு எவ்வளவு கட்டணம் என்பதையும் இதே ஒப்பந்தம்தான் சொல்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பார்க்கலாம். கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறை. கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரம் வாங்க 40 லட்சம் ரூபாய் கடன், 84 மாதத் தவணை. வட்டி 9.5 சதவீதம். ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 5.25, அதன் மேல் வங்கியின் கூடுதல் 4.25 என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 65,400 ரூபாய்.

வட்டிப் பிரிவில் முதலில் பார்க்க வேண்டியது, வட்டி எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதை. குறு, சிறு நிறுவனங்களுக்கு வங்கிகள் தரும் மாறும் வட்டிக் கடன்களை 2019 அக்டோபர் 1 முதல் ரெப்போ, அரசுக் கருவூல உண்டியல் விகிதம் போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்தியமைக்க வேண்டும். ரெப்போ குறைந்த மறுநாளே தவணை குறையும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒப்பந்தத்தில் குறித்த திருத்த நாள் வரும்வரை பழைய வட்டியே ஓடும்.

வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவை தங்களுக்கென ஓர் அடிப்படை விகிதத்தை வைத்துக்கொண்டு அதை அவ்வப்போது மாற்றுகின்றன. நிலையான வட்டி என்று முகப்பில் எழுதிவிட்டு, பணச் சந்தை நிலவரத்தைப் பொறுத்து நிறுவனம் வட்டியை மாற்றலாம் என்று உள்ளே ஒரு வரி சேர்க்கும் ஒப்பந்தங்களும் உண்டு. அந்த ஒரு வரி இருந்தால் அது நடைமுறையில் நிலையான வட்டி அல்ல. ஆனால் மாறும் வட்டிக் கடனுக்கு விதிகள் தரும் பாதுகாப்பு அதற்குக் கிடைக்குமா என்பது வாதத்துக்கு உரியதாகிவிடும். இரண்டு பக்க நட்டமும் கடன் வாங்கியவர் தலையில் விழக்கூடிய ஏற்பாடு இது. வட்டி எந்த வகை என்பதை எழுத்தில் தெளிவாக்கச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது, ரெப்போவுக்கு மேல் வைக்கும் கூடுதல். ரெப்போ யார் கையிலும் இல்லை, கூடுதல்தான் வங்கியின் கையில் இருப்பது. இதிலும் ஒரு பகுதி, கடன் வாங்கியவரின் தரத்துக்கு ஏற்ற இடர் கூடுதல். கடன் வாங்கியவரின் தர மதிப்பீட்டில் கணிசமான மாற்றம் ஏற்பட்டால் மட்டுமே, அதுவும் ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டபடி, வங்கி இதை மாற்றலாம். மற்றப் பகுதிகளை மூன்று ஆண்டுக்கு ஒரு முறைதான் மாற்றலாம். 2025 அக்டோபர் முதல் அவற்றை அதற்கு முன்பே குறைக்கவும் வங்கிகளுக்கு வழிவிடப்பட்டிருக்கிறது. எனவே ‘வங்கி தன் விருப்பப்படி கூடுதலை மாற்றலாம்’ என்று பொத்தாம்பொதுவாக ஒரு வாக்கியம் இருந்தால், அதன் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக் கேள்வி கேட்க வேண்டும். கணிசமான மாற்றம் என்பதற்கு ஒப்பந்தம் தரும் பொருள் என்ன? உள் மதிப்பீட்டில் ஒரு படி இறங்கினால் எத்தனை சதவீதம் கூடும்? பட்டறையின் வரவுசெலவை வேறு வங்கியில் நடத்தினால் கொடுத்த சலுகை பறிபோகுமா? இவற்றுக்கான பதில் பல நேரம் அனுமதிக் கடிதத்தின் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

வட்டி ஏறும்போது என்ன நடக்கும் என்பதற்கு அண்மைக் கால அனுபவம் இருக்கிறது. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. ஓர் ஆண்டுக்குள் 2.5 சதவீத உயர்வு. அதே அளவு உயர்வு நம் பட்டறைக் கடனின் தொடக்கத்திலேயே வந்தால் வட்டி 12 சதவீதமாகும். தவணைக் காலத்தை 84 மாதமாகவே வைத்தால் மாதத் தவணை 65,400 ரூபாயிலிருந்து 70,600 ரூபாயாக ஏறும். தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டினால் கடன் 84 மாதத்துக்குப் பதில் 95 மாதம் ஓடும். முதல் வழியில் மொத்தமாகக் கூடுதலாகக் கட்டுவது சுமார் 4.4 லட்சம் ரூபாய். இரண்டாவது வழியில் சுமார் 7.25 லட்சம். மாதாமாதம் வலி தெரியாத வழிதான் முடிவில் அதிகம் வாங்குகிறது.

இந்த இரண்டில் எது என்பதைத் தேர்ந்தெடுப்பவர் யார்? வட்டி திருத்தப்படும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கை வீட்டுக் கடன் போன்ற தனிநபர் கடன்களுக்கு வந்தது. தொழில் கடன் வாங்குபவர் அதை நம்பி இருக்க முடியாது. தேர்வு தன்னிடம் இருக்க வேண்டுமானால் அதை ஒப்பந்தத்திலோ அனுமதிக் கடிதத்திலோ எழுதி வாங்க வேண்டும்.

முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணம் பற்றி 2025 ஜூலை 2-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள் நிலைமையைப் பெரிதும் மாற்றிவிட்டன. 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்கு அவை பொருந்தும். மாறும் வட்டியில் தனிநபரோ குறு, சிறு நிறுவனமோ வாங்கிய தொழில் கடனை முன்கூட்டியே அடைத்தால், வணிக வங்கிகளும் மிகப் பெரிய நிதி நிறுவனங்களும் கட்டணம் வாங்கக் கூடாது. சிறு நிதி வங்கி, மண்டல கிராம வங்கி, மாநில, மத்தியக் கூட்டுறவு வங்கிகள், நடுத்தர அடுக்கு நிதி நிறுவனங்கள் ஆகியவை 50 லட்சம் ரூபாய் வரை அனுமதித்த கடன்களுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. அடைக்கும் பணம் சொந்தப் பணமா, வேறு வங்கி தந்ததா என்று பார்க்கக் கூடாது. இத்தனை மாதம் கழித்துத்தான் அடைக்கலாம் என்ற தடையும் இந்தச் சலுகைக்குக் கிடையாது.

விதி எட்டாத இடங்களும் இருக்கின்றன, சிறுதொழில் செய்பவர் அடிக்கடி போய் நிற்பது அங்கேதான். நிலையான வட்டிக் கடனுக்கு இந்தத் தடை இல்லை. 1,000 கோடி ரூபாய்க்குக் கீழ் சொத்து உள்ள, வைப்புத்தொகை வாங்காத சிறிய நிதி நிறுவனங்கள் இதற்குள் வரவில்லை. 2026-க்கு முன் வாங்கிப் புதுப்பிக்காத தவணைக் கடன்களுக்குப் பழைய ஒப்பந்தமே பேசும். முதல் சில ஆண்டு நிலையான வட்டி, பிறகு மாறும் வட்டி என்று கலந்து தரும் கடனில், அடைக்கும் நாளில் எந்த வட்டி ஓடுகிறது என்பதே கணக்கு. சலுகை குறு, சிறு நிறுவனங்களுக்கு என்பதால், பங்குதாரர் நிறுவனமோ தனியார் கம்பெனியோ உத்யம் பதிவுச் சான்றை வங்கிக் கோப்பில் சேர்த்திருப்பது அவசியம்.

கட்டணம் இருந்தால் அது எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்று பார்க்க வேண்டும். பட்டறைக் கடன் அதே 9.5 சதவீதத்தில், ஆனால் நிலையான வட்டியில் ஒரு சிறிய நிதி நிறுவனத்திடம் வாங்கியது என்று கொள்வோம். மூன்று ஆண்டு ஒழுங்காகக் கட்டிய பின் பாக்கி அசல் சுமார் 26 லட்சம். வேறு வங்கி 8.5 சதவீதத்துக்குக் கடனை எடுத்துக்கொள்ள முன்வருகிறது. மீதி 48 மாதத்தில் மிச்சமாவது சுமார் 59,000 ரூபாய். ஒப்பந்தத்தில் அடைப்புக் கட்டணம் 4 சதவீதம் என்றிருந்தால் அது 1.04 லட்சம். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 1.23 லட்சம். ஒரு சதவீத வட்டி குறைவுக்காக மாறப்போய் அறுபதாயிரத்துக்கு மேல் நட்டம். புதிய வங்கியின் செயலாக்கக் கட்டணமும் ஈட்டுப் பதிவுச் செலவும் இதில் சேரவில்லை. 4 சதவீதம் என்ற எண் கையெழுத்திடும் நாளில் சிறியதாகத் தெரிவதற்குக் காரணம், அதை யாரும் ரூபாயாக மாற்றிப் பார்ப்பதில்லை.

கேஷ் கிரெடிட், ஓவர்டிராஃப்ட் கணக்குகளுக்கு இதிலே தனி நுணுக்கம் உண்டு. புதிய விதிப்படி, புதுப்பிக்க விருப்பமில்லை என்று ஒப்பந்தம் குறிக்கும் கெடுவுக்குள் தெரிவித்து, உரிய நாளில் கணக்கை முடித்தால் கட்டணம் கிடையாது. அந்தக் கெடு எத்தனை நாள் என்பதைத் தேடிக் குறித்துவைக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் கட்டணக் கேள்வி மறுபடி எழும்.

மூன்றாவது பிரிவை ‘ஈவென்ட்ஸ் ஆஃப் டீஃபால்ட்’ என்ற தலைப்பில் காணலாம். இங்கே மூன்று வெவ்வேறு நிலைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தவணை நாளில் பணம் வராவிட்டால் அன்றே கணக்கு நிலுவையாகிறது. நிலுவை 30 நாள் வரை ஒரு படி, 60 நாள் வரை அடுத்த படி, 90 நாள் வரை மூன்றாவது படி எனச் சிறப்புக் கவனக் கணக்காக வங்கி குறிக்கும். 90 நாளைத் தாண்டினால் வாராக் கடன். இவை ரிசர்வ் வங்கியின் கணக்கு வகைப்பாடு. ஒப்பந்த மீறல் என்பது இதிலிருந்து வேறானது. 90 நாள் வரை தனக்குக் கால அவகாசம் இருப்பதாகக் கடன் வாங்கியவர்கள் சொல்வது வழக்கம். ஒப்பந்தத்தில் அப்படி ஓர் அவகாசம் எழுதப்படாதவரை, ஒரு தவணை ஒரு நாள் தவறினாலே மீறல்தான்.

தவணையை ஒரு நாளும் தவறாமல் கட்டுபவரும் மீறியவராகலாம். இயந்திரத்தின் காப்பீட்டைப் புதுப்பிக்காதது, மாதாந்திர இருப்புக் கணக்கைத் தாமதமாகக் கொடுத்தது, வங்கியிடம் கேட்காமல் பங்குதாரர் மாறியது, ஜாமீன்தாரர் இறந்தபின் மாற்று ஜாமீன் தராதது ஆகிய எல்லாம் பட்டியலில் வரக்கூடியவை. இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வேறொரு கடனில் ஏற்பட்ட தவறு இந்தக் கடனிலும் தவறாகக் கருதப்படும் என்ற பிரிவு. உரிமையாளரின் சொந்தக் கார் கடனோ, உறவினரின் நிறுவனக் கடனோகூட அதன் வலைக்குள் வரும்படி எழுதியிருக்கலாம். எத்தனை ரூபாய்க்கு மேற்பட்ட தவறு, யாருடைய கடன் என்ற எல்லைகளைப் போடச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. மற்றது, ‘வங்கியின் கருத்தில்’ தொழிலின் நிலை பாதகமாக மாறியிருந்தால் என்ற வாசகம். அதில் அளவுகோல் எதுவும் இல்லை. சிறிய கடனுக்காக வங்கி தன் அச்சடித்த வாசகத்தை மாற்றாது என்பதே பெரும்பாலும் உண்மை. ஆனால் எழுத்தில் அறிவித்து, சரிசெய்ய 15 நாளோ 30 நாளோ தர வேண்டும் என்ற ஒரு வரியை அனுமதிக் கடிதத்தில் சேர்க்கச் சில கிளைகள் ஒப்புக்கொள்ளும்.

மீறலுக்கான அபராதமும் இங்கேயே வரும். 2024 ஏப்ரல் முதல் வந்த கடன்களில் அபராத வட்டி என்று வட்டியோடு சேர்த்து வாங்கக் கூடாது. அபராதக் கட்டணமாகத்தான் வாங்கலாம், அதன் மேல் வட்டி ஏற்றவும் கூடாது. கட்டணம் தவறின் அளவுக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு 2 சதவீதம் என்றிருந்தால், அது நிலுவைத் தவணைக்கா, மொத்தப் பாக்கிக்கா என்று பார்க்க வேண்டும். ஒரு தவணை 30 நாள் தாமதமானால் முதல் கணக்கில் 107 ரூபாய். 26 லட்சம் பாக்கி முழுவதற்கும் போட்டால் 4,278 ரூபாய். ஒரே சதவீதம், நாற்பது மடங்கு வித்தியாசம்.

நான்காவது பிரிவுதான் மற்ற மூன்றையும் ஆபத்தாக்குவது. மீறல் நிகழ்ந்தால் தவணைக் காலம் ரத்தாகி, மொத்தக் கடனும் உடனே செலுத்தத்தக்கதாகிவிடும் என்கிறது அது. வங்கியில் இதை லோன் ரீகால் என்பார்கள். நம் பட்டறை மூன்று ஆண்டுக்குப் பின் மூன்று தவணை தவறவிட்டால் நிலுவை சுமார் 1.96 லட்சம். ரீகால் அறிவிப்பு வந்த நாளிலிருந்து கேட்கப்படுவது 26 லட்சமும் அதன் மேல் வட்டியும். நிலுவை இரண்டு லட்சத்தை அன்று கொண்டுபோய்க் கட்டினால் அறிவிப்பு தானாக ரத்தாகுமா என்பதை ஒப்பந்தத்தில்தான் தேட வேண்டும். பெரும்பாலும் ஆகாது, வங்கி மனம் வைத்தால்தான் உண்டு. மீறல் நிகழ்ந்தவுடன் தானாகவே கடன் முழுவதும் செலுத்தத்தக்கதாகும் என்று எழுதியிருக்கிறதா, வங்கி அறிவிப்பு கொடுத்தால் ஆகும் என்று எழுதியிருக்கிறதா என்பதும் முக்கியம். இரண்டாவது வகைதான் கடன் வாங்கியவருக்கு மூச்சுவிட இடம் தருவது. கேஷ் கிரெடிட் கணக்கு கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய கடன் என்றே எழுதப்படுவதால், அதை அழைக்க மீறல்கூடத் தேவைப்படாமல் போகலாம்.

ரீகால் செய்வதும் சொத்தை எடுப்பதும் ஒன்றல்ல. ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமல் எடுக்க 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வழிதருகிறது. அதற்குக் கணக்கு வாராக் கடனாகியிருக்க வேண்டும். பிரிவு 13(2)-இன் கீழ் 60 நாள் அறிவிப்பு தர வேண்டும். கடன் வாங்கியவர் ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்ல வேண்டும். சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கினால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் அது சென்னை, கோயம்புத்தூர், மதுரையில் இருக்கிறது. விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது. ஜாமீன்தாரரின் பொறுப்போ, ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாதவரை, கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. மொத்தக் கடனுக்கான அறிவிப்பு அவர் வீட்டுக்கும் போகும்.

இந்த நிலை வருவதற்கு முன் எடுக்க வேண்டிய ஒரு படி இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ள குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் தள்ளாடத் தொடங்கும்போதே மறுசீரமைப்புக் குழுவை நாடலாம் என்று 2015-இல் மத்திய அரசும் 2016-இல் ரிசர்வ் வங்கியும் ஒரு திட்டத்தை வகுத்தன. அதை வங்கிகள் கடைப்பிடித்தாக வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாராக் கடனாகும் முன்பே தக்க ஆவணங்களோடு விழிப்பாக இருந்து கேட்க வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. சொத்தை எடுக்க வந்தபின் இதைச் சொல்லிப் பயனில்லை. 60 நாள் நிலுவைக்குள் எழுத்தில் விண்ணப்பிப்பதே சரியான நேரம். நான்கு பிரிவுகளையும் இணைக்கும் இன்னொரு விதியும் உண்டு: வங்கியே கேட்டு கடனை முன்கூட்டி அடைக்க வைத்தால், அதற்கு அடைப்புக் கட்டணம் வாங்கக் கூடாது. ரீகால் கணக்கில் அப்படி ஒரு தொகை சேர்ந்திருந்தால் அதை எதிர்த்து எழுதலாம்.

வாசித்து முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொள்வது வழக்கறிஞர்களும் தணிக்கையாளர்களும் செய்யும் வேலை. கடன் வாங்குபவரே அதைச் செய்யலாம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒப்பந்தத்தின் பக்கமும் பிரிவு எண்ணும், தீர்மானிக்கும் உரிமை யாருக்கு, எத்தனை நாள் அறிவிப்பு, தன் கடனில் அது எத்தனை ரூபாய் என்ற நான்கு விவரங்கள் போதும். எந்தக் கட்டத்துக்குப் பதில் கிடைக்கவில்லையோ அதுதான் கிளை மேலாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி. வாயால் வரும் பதிலை மின்னஞ்சலிலாவது வாங்கிக்கொள்ள வேண்டும். அனுமதிக் கடிதமும் அச்சு ஒப்பந்தமும் முரண்பட்டால் எது செல்லும் என்ற வரியையும் இந்தத் தாளில் சேர்க்க வேண்டும்.

இதற்கு நேரம் ஏது, வங்கியில் இன்றே கையெழுத்து கேட்கிறார்கள் என்பது பொதுவான குறை. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் தவணைக் கடனுக்கு 2024 அக்டோபர் முதல் முக்கிய விவரத் தாள் கட்டாயம். அது கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஏழு நாளும் அதற்கு மேலும் தவணைக் காலம் உள்ள கடனுக்கு அந்தத் தாள் குறைந்தது மூன்று வேலைநாள் செல்லுபடியாகும், அந்த நாட்களில் ஒப்புக்கொண்டால் அதில் உள்ள விதிமுறைகளுக்கு வங்கி கட்டுப்பட வேண்டும். அந்தத் தாளில் காட்டாத கட்டணத்தைக் கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வாங்க முடியாது. தாளைத் தமிழில் கேளுங்கள், மூன்று நாளையும் எடுத்துக்கொள்ளுங்கள், கையெழுத்திட்டதும் இணைப்புகளோடு ஒப்பந்தத்தின் முழு நகலை வாங்கிக்கொண்டு வாருங்கள்.